அடி திரும்பி வரும்போது பாருங்கள்

பங்குனி பிறந்தால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். சென்னையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வரும் உறவுக்காரர்களில் யாராவது ஒருவர் அந்தச் சமயத்தில் என்னிடம் கேட்பார்: "கூத்து பாக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா பாட்டு வரியே புரியாதே, எதைப் பாத்துப் புரிஞ்சுக்கறது?" பரதநாட்டியம் பார்க்கப் போகிறவர்களும் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்கிறார்கள். முத்திரை தெரியாதே, எப்படி ரசிப்பது என்று.

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பாட்டின் ஒரு அடி முதல் முறை வரும்போது காதைக் கொடுங்கள். அதே அடி திரும்பி வரும்போது கண்ணைக் கொடுங்கள். கதை நடப்பது அந்த இரண்டாவது தடவையில்தான். பல வருஷம் கூத்துக் களத்திலும் சபா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது. இதை விளக்க ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன்: கிருஷ்ணன் தூது.

அந்தக் கதையை எடுப்பதற்குக் காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. திருப்பாடகம் பாண்டவ தூதப் பெருமாள் கோயிலுக்குள் போனவர்களுக்குத் தெரியும். கருவறையில் சுமார் 25 அடி உயரத்துக்குப் பெருமாள் உட்கார்ந்திருப்பார். நிற்கவில்லை, கிடக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார். அது தூது போன இடத்தில் உட்கார்ந்த கோலம். ஆசனத்துக்கு அடியில் குழி வெட்டி, மேலே மூடி, அதன்மேல் இருக்கையைப் போட்டு வைத்தான் துரியோதனன். கண்ணன் அதில் உட்கார்ந்ததும் விசுவரூபம் எடுத்தான் என்பது கதை. பின்னாளில் பாரதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஜனமேஜயன் அந்தக் கோலத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான், காஞ்சியில் அவனுக்குக் காட்சி கிடைத்தது என்கிறது தல புராணம். கதையைக் கேட்ட ஒருவனுக்கு அதைக் கண்ணால் பார்க்க ஆசை வந்தது. அதற்காக ஒரு கோயில். கூத்தையும் நாட்டியத்தையும் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தப் புராணம்தான் நினைவுக்கு வரும்.

இந்த மண்ணில் பாரதம் கேட்பது நேற்று வந்த பழக்கமும் இல்லை. காஞ்சிக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊர் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, அங்கே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு என்று தனியாகப் பங்கு ஒதுக்குகிறது. இன்றைக்கும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் உட்கார்ந்து வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். ராத்திரி அதே பகுதியைக் கூத்தாக ஆடுவார்கள். பகலில் காதால் கேட்டவர்கள்தான் ராத்திரி கண்ணால் பார்க்க வருகிறார்கள். ஆகவே கதை என்ன ஆகும் என்ற பதைப்பு யாருக்கும் கிடையாது. எப்படிச் செய்து காட்டப்போகிறான் என்பதற்காகத்தான் எட்டு மணி நேரம் கண் விழிக்கிறார்கள்.

களம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கமும் சனம். நான்காவது பக்கம் மேளக்காரர்கள்: ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், கைத்தாளம், முகவீணை. முகவீணை பார்க்க நாயனத்தின் குட்டி மாதிரி இருக்கும், சத்தம் வயலைத் தாண்டிக் கேட்கும். அவர்களோடு பின்பாட்டுப் பாடுகிறவர்கள் நிற்பார்கள். நடுவில் ஒரு பெஞ்சு. அதுதான் அரண்மனை, தேர், மலை, சபை எல்லாம். கிருஷ்ணன் தூதுக்கு அது துரியோதனன் சிம்மாசனம்.

முதலில் துரியோதனன் வரவு. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னால் வேஷக்காரர் வந்து நிற்கிறார். கிரீடத்தின் மேல்பாகம் மட்டும் திரைக்கு மேலே தெரியும். அங்கிருந்தே விருத்தம் பாடுகிறார். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. ராகத்தை இழுத்து, வார்த்தையை நிறுத்தி நிறுத்தி, யார் வருகிறான், என்ன பெருமை உள்ளவன் என்று சொல்கிறது அது. அந்த நேரத்தில் உடம்பு ஆடாது. விருத்தம் முடிந்து தரு தொடங்கியதும் மிருதங்கமும் தாளமும் ஒரேயடியாக விழும், திரைக்குப் பின்னால் சலங்கை கிளம்பும். தாளம் இல்லாத இடத்தில் கதை நிற்கிறது, தாளம் வந்ததும் நடக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ராத்திரி முழுவதும் வழி தவறாது.

திரை விலகும்போது தெரிகிற உருவத்தைப் பார்த்தவுடன் ஆள் யார் என்று ஊருக்குத் தெரியும். சிவப்பு முகம், பெரிய கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம். இந்த அணிகளைக் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டிச் செய்வார்கள். இவற்றைக் கட்டிக்கொண்டு ஆடுவதால்தான் கட்டைக்கூத்து என்ற பெயர். அணிகள் அழகுக்கு மட்டும் இல்லை. புஜகீர்த்தி கட்டிய தோளோடு கையை உடம்பை ஒட்டிச் சின்னதாக அசைத்தால் ஒன்றும் தெரியாது. கை விரிய வேண்டும், கழுத்து நிமிர வேண்டும், திரும்பினால் முழு உடம்பும் திரும்ப வேண்டும். அந்த அணியே நடிகரை அரசனாக நிற்க வைக்கிறது. விரல் நுனியில் சொல்ல முடியாததை முழு உடம்பின் சுழற்சியில் சொல்கிறார்கள். கோபம் என்றால் கிறுகிறுவென்று சுழல்வார்; கிரீடத்தில் இருக்கும் கண்ணாடி விளக்கொளியை நாலு பக்கமும் வீசும். கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் அந்தக் கோபம் போய்ச் சேர்ந்துவிடும்.

வரவு முடிந்ததும் கட்டியக்காரன் வந்து, ஐயா நீங்கள் யார், எந்த ஊர் என்று விசாரிப்பான். பாட்டில் வந்ததெல்லாம் வசனத்தில், நம் வீட்டுப் பேச்சில் திரும்ப வரும். பாட்டு புரியாதவர்களுக்கு இதுதான் வாசல். ராத்திரி முழுவதும் காவல்காரன், தூதன், ஊர்க்காரன் என்று எல்லாமாக இருந்து கதையைக் கையில் எடுத்துக் கொடுக்கிறவன் அவன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண்ணன் தூது வருகிறான் என்ற செய்தி வந்ததும், அவன் வரும்போது சபையில் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று துரியோதனன் உத்தரவு போடுகிறான். இதைப் பாட்டில் சொல்வது எளிது. காட்டுவது கஷ்டம், ஏனென்றால் "எழாமல் இருப்பது" ஒரு செயலே இல்லை. செய்யாமல் இருப்பதை எப்படிச் செய்து காட்டுவது?

செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றில் நான் பார்த்த துரியோதனன் இதைச் செய்த விதம் மனசில் அப்படியே நிற்கிறது. உத்தரவை அவர் பாடினார். பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். முதல் திருப்பலில் அவர் சபையில் உள்ள ஒவ்வொருவரையும் பார்த்தார். பீஷ்மர் இருக்கும் பக்கம் பார்க்கும்போது பார்வை ஒரு நொடி தாழ்ந்தது. துரோணர் பக்கம் கொஞ்சம் தாமதித்தது. கர்ணன் பக்கம் வந்ததும் முகம் மலர்ந்தது. அங்கே யாருமே இல்லை, வெறும் களம். ஆனால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் திருப்பலில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தொடைமேல் ஊன்றி அழுத்தினார். தன்னைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி. அவ்வளவுதான். தான் எழுந்துவிடுவோமோ என்று அவனுக்கே பயம் என்பது வரியில் இல்லை. கையில் இருந்தது.

அப்புறம் முகவீணை மாறியது. கண்ணன் வருகிறான். துரியோதனனின் தரு ஓடிக்கொண்டிருந்த வேகம் அடங்கி, வேறொரு ராகம் மிதமாகத் தொடங்கியது. கண்ணன் இன்னும் களத்துக்குள் வரவில்லை, திரையைக்கூட யாரும் பிடிக்கவில்லை. பெஞ்சில் இருந்தவரின் தோள் முதலில் எழுந்தது, பிறகு மார்பு, பிறகு தொடைமேல் இருந்த கை நழுவியது. அவர் எழுந்தே விட்டார். பாட்டுக்குக் கட்டுப்பட்டு உடம்பு எழுகிறது, மனசு எழவில்லை என்பது இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் தெரிந்தது. இசை இங்கே கூட வருகிற துணை இல்லை, அதுவே கண்ணன். ஆள் வருவதற்கு முன்னால் சபைக்குள் வந்துவிட்டது.

இந்தத் திருப்பலைப் பற்றி வெகுநாள் பின்பாட்டுப் பாடிய ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். "ஐயா, ஒரு அடிய எத்தனை தரம் திருப்பணும்னு கணக்கு இருக்கா?" என்றேன்.

"கணக்கு எங்க தம்பி இருக்குது? நாங்க திருப்பறது வேஷக்காரன் மூச்சு வாங்கறதுக்குன்னு நெனைக்கிறாங்க. மூச்சும் வாங்கட்டும், பாடிட்டு ஆடறவன்தான். ஆனா அவன் செய்யறது அப்பதான். அவன் கண்ணு முடிச்சுதான்னு பாப்போம். முடிக்கலன்னா இன்னொரு தரம் எடுப்போம். நல்ல ஆளா இருந்தா நாலு தரம் அஞ்சு தரம்கூடப் போவும். ஒண்ணும் செய்யத் தெரியாதவனுக்கு ஒரு தரத்துக்கு மேல எடுத்தா அவன் திருதிருன்னு முழிப்பான்."

கை முடிந்ததா என்று அவர் சொல்லவில்லை, கண் முடிந்ததா என்றார். கூத்தில் பழகியவர் சொன்ன இந்த விஷயம் அப்படியே நாட்டியத்துக்கும் பொருந்தும். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம், கை போகிற இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகிற இடத்துக்கு மனம் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. பெரியவர் அந்த நூலைப் படித்தவர் இல்லை. களம் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இப்போது இதே கதையைப் பரதநாட்டிய மேடைக்குக் கொண்டுபோகிறேன். காஞ்சிபுரத்துக்கு அதிலும் ஓர் உரிமை உண்டு. பாலசரஸ்வதி ஏழு வயதுச் சிறுமியாக 1925இல் அரங்கேறியது காஞ்சிபுரத்தில், அம்மனாட்சி அம்மன் கோயிலில். அபிநயம் என்றாலே அவர் பெயரைச் சொல்கிற அளவுக்குப் பின்னாளில் வளர்ந்தவர். ஒரே ஆள் உட்கார்ந்தோ நின்றோ பல பேராக மாறி ஒரு கதையைச் சொல்லும் வழியில் அவருக்கு இணையாக இன்றும் வேறொருவரைச் சொல்வது கஷ்டம்.

தனியாக ஆடுகிற ஒரு பெண், கண்ணன் ஐந்து ஊராவது கொடு என்று கேட்பதையும், ஊசி முனை அளவு நிலமும் இல்லை என்று துரியோதனன் மறுப்பதையும் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிரீடம் இல்லை, சிவப்பு முகம் இல்லை, பெஞ்சு இல்லை. பாடகர் அடியை முதல் முறை பாடும்போது அவர் சொல்லுக்குச் சொல் கை காட்டுவார். கண்ணன் என்றால் இரண்டு கையிலும் மிருகசீரிஷம் பிடித்துத் தோளருகே எதிரெதிராக. ஐந்து என்றால் விரிந்த ஐந்து விரல். ஊசி முனை என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் தொடும் ஹம்ஸாஸ்யம், கண் அந்த நுனிக்குச் சுருங்கும். இல்லை என்றால் பதாகக் கை விலகும். இது வரை பொருள் சொல்வது. பள்ளிக்கூடத்துப் பதவுரை போல. முத்திரை தெரியாதே என்று கவலைப்படுகிறவர்கள் இந்த இடத்துக்காகத்தான் கவலைப்படுகிறார்கள். கவலையே வேண்டாம், பாட்டின் சொல் காதில் விழுந்தால் கை தானாகப் புரியும்.

அடி திரும்பும்போது அவர் சொற்களை விட்டுவிட்டுக் காட்சிக்குள் போவார். இதைச் சஞ்சாரி என்பார்கள். இங்கே இரண்டு ஆள் பேச வேண்டும், ஆடுவது ஒருத்தி. எப்படி மாறுவாள்? தரையில் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். கண்ணன் என்றால் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துத் திருப்பி, சிம்மாசனம் இருக்கும் உயரத்தைப் பார்ப்பாள். துரியோதனன் என்றால் மறுபக்கம் திரும்பி, கீழே நிற்பவனைப் பார்ப்பாள். பார்வையின் உயரம்தான் சிம்மாசனத்தைக் கட்டுகிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு. தூதன் அண்ணாந்து பார்க்க வேண்டியவன், ஆனால் வந்திருப்பவன் கண்ணன். தலையைத் தூக்கிப் பார்த்தால் கெஞ்சுகிறவனாகிவிடுவான். தேர்ந்த நாட்டியக்காரி முகவாயை உயர்த்த மாட்டாள், கண்மணி மட்டும் மேலே போகும். துரியோதனனுக்கு நேர்மாறு: கண்ணை மட்டும் தாழ்த்தாமல் கழுத்தையே சாய்த்துக் குனிந்து பார்ப்பான், மூச்சு மார்பில் நிற்கும். இந்த இரண்டு வித்தியாசத்தில் சபை முழுவதும் இருக்கிறது.

பாடகருக்கு எப்போது அடுத்த அடிக்குப் போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? நாட்டியக்காரி சஞ்சாரியை முடித்துக்கொண்டு, அந்த அடியின் சொல்லுக்கான முத்திரைக்கே திரும்பி வருவாள். ஊசி முனையில் தொடங்கிய காட்சி ஊசி முனையில் வந்து நின்றால் பாடகர் அடுத்ததை எடுக்கலாம். நட்டுவனார் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார், மிருதங்கமும் மெல்ல ஒடுங்கும். பின்பாட்டுக்காரர் கண் முடிந்ததா என்று பார்ப்பதும் இதுவும் ஒன்றேதான். கதகளியிலும் இதைப் பார்க்கலாம். அங்கே வேஷக்காரர் வாய் திறப்பதில்லை. பொன்னானியும் சிங்கிடியும் மாறி மாறி ஒரு அடியைப் பாட, அதற்குள் அவர் கையாலும் கண்ணாலும் பேசுவார். துரியோதன வதம் ஆட்டக்கதையில் கண்ணன் தூது வரும் சபையைப் பார்த்தவர்களுக்கு, துரியோதனனின் கத்தி வேஷமும் திரையைத் தாழ்த்திப் பார்க்கும் திரநோட்டமும் நம் கூத்தின் திரை வரவை உடனே ஞாபகப்படுத்தும். எது எதிலிருந்து வந்தது என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. பாட்டு திரும்பும்போது கதை விரியும் என்ற வேலைமுறை மூன்றிலும் ஒன்றாக இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம்.

பல பேர் சேர்ந்து ஆடும் நாட்டிய நாடகத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் 1955இல் சீதா சுயம்வரம் தொடங்கி 1970இல் மகா பட்டாபிஷேகம் வரை ராமாயணத்தை ஆறு பகுதிகளாகச் செய்தார். மைசூர் வாசுதேவாச்சாரியார் இசை அமைக்கத் தொடங்கினார், அவர் காலத்துக்குப் பிறகு பேரன் ராஜாராம் தொடர்ந்தார். அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் போன்ற கதகளி ஆசான்கள் அங்கே இருந்தார்கள். ராமன் வேறு ஆள், சீதை வேறு ஆள் என்றாகிவிட்டால் பக்கம் மாறிப் பார்க்கும் வேலை தேவையில்லை. அதற்குப் பதிலாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் என்ன செய்கிறார் என்பது பெரிதாகிவிடுகிறது. நாட்டிய நாடகத்தில் நான் எப்போதும் பாடாத பாத்திரத்தைத்தான் பார்ப்பேன். அது பொம்மையாக நின்றால் மேடை செத்துப்போகும்.

எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தனி நாட்டியத்தில் முதல் அடையாளம் இடம் மாறுவது. முதல் தடவை சிம்மாசனம் வலப்பக்கம் உயரத்தில் இருந்தது, அடுத்த தடவை இடப்பக்கம் நேர் உயரத்துக்கு வந்துவிடும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் யார் பேசுகிறார்கள் என்ற பிடி நழுவிவிடும். இரண்டாவது, ஒவ்வொரு முறை கண்ணனாக மாறும்போதும் புல்லாங்குழல் பிடித்துக் காட்டுவது. ஒரு தடவை நிலைநாட்டிவிட்டால் போதும், அப்புறம் நிற்கிற விதமே கண்ணன். திரும்பத் திரும்பக் குழல் பிடிக்கிறவளுக்குத் தன் உடம்பின்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பெரிய கேடு பதிவு செய்த பாட்டுக்கு ஆடுவது. பாடகரை வைத்துக்கொள்ளச் செலவாகும் என்பதால் பள்ளி விழாக்களில் இது சாதாரணமாகிவிட்டது, பிள்ளைகளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பதிவில் அடி எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. சிறுமிக்கு அன்றைக்குத் துரியோதனன் கழுத்து நன்றாகப் பிடிபட்டாலும் இன்னொரு தடவை கேட்க முடியாது. பிடிபடாத நாளில் மிச்சத் திருப்பல்களை என்ன செய்வது என்று தெரியாமல் செய்ததையே திரும்பச் செய்வாள். கை வார்த்தைக்கு முன்னால் ஓடி முடித்துவிட்டுக் காத்திருக்கும்; அதைக் கண்டுபிடிப்பது சுலபம், கை நின்றுவிடும், கண் கூட்டத்தைப் பார்க்கும்.

கூத்துக்கும் அதே மாதிரி ஒரு சங்கடம் மைக். களத்தின் நடுவில் ஸ்டாண்டு வைத்தால் வேஷக்காரர் பாடும்போது அதற்கு முன்னால் வந்து நின்றாக வேண்டும். திருப்பலில் விலகி ஆடப் போனால் அடுத்த அடிக்கு ஓடி வர வேண்டும் என்பதால் பலர் விலகுவதே இல்லை. மேலே கயிற்றில் மைக்கைத் தொங்கவிடும் ஊர்களில் ஆட்டம் விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். விழா ஏற்பாடு செய்கிற ஊர்ப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், மைக்கைத் தயவுசெய்து மேலே தூக்கிக் கட்டுங்கள்.

தூது கதையிலேயே என்னை அதிகம் உருக்குவது சபைக்கு முன்னால் வரும் பகுதி. கண்ணன் புறப்படும் முன் பாஞ்சாலி வருகிறாள், முடியாத கூந்தலோடு. சமாதானம் பேசப் போகிறாயே, இந்தக் கூந்தலுக்கு என்ன பதில் என்று கேட்கிறாள். வழிவழியாக ஆண்கள்தான் இந்த வேஷம் கட்டி வந்தார்கள். முகாரி எடுத்ததும் ஊர்ப் பெண்கள் முந்தானையை எடுத்துக்கொள்வார்கள். நல்ல பாஞ்சாலி கூந்தலைக் கண்ணனிடம் நீட்டிக் காட்டமாட்டாள். பாட்டின் அடி திரும்பும்போது கூந்தலைக் கையில் எடுத்து, தானே ஒரு முறை பார்த்துக்கொள்வாள், அப்புறம்தான் கண்ணனைப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வையில் பகடையும் துகிலும் நடந்த ராத்திரி முழுவதும் திரும்பி வரும். சில நாள் முன்னால் அதே களத்தில் அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள்தானே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது பெண்களும் கூத்தில் வருகிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை மையமாக வைத்து வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கியது. 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் வைத்து, படிப்போடு சேர்த்துக் கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். 2020 வரை அது நடந்தது. அங்கே பெண் பிள்ளைகளும் கட்டை வேஷம் கட்டக் கற்றார்கள். ஒரு பெண் புஜகீர்த்தி கட்டிக்கொண்டு அரசனாக நின்று சுழலும்போது, அந்தத் தோள் அகலம் ஆணுக்குப் பிறவியில் வந்தது இல்லை, அணியும் பயிற்சியும் கொடுத்தது என்று கண்ணாலேயே தெரியும்.

கடைசியாக விசுவரூபம். குழியில் போட நினைத்த ஆசனத்தில் உட்கார்ந்தவன் வானளவு வளர்கிறான். இதை மேடையில் எப்படி வளர்த்துக் காட்டுவது? கூத்தில் கண்ணன் பெஞ்சின்மேல் ஏறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மேளம் ஏறும், முகவீணை உச்சத்தில் நிற்கும், கற்பூரம் காட்டுவார்கள். கூட்டத்தில் பலர் கைகூப்பி எழுந்துவிடுவார்கள். துரியோதனன் எழாதே என்று உத்தரவு போட்ட சபை நாங்கள்தான் என்பது அப்போது உறைக்கும். தனி நாட்டியத்தில் பெஞ்சும் இல்லை, கற்பூரமும் இல்லை. அங்கே நான் பார்த்ததில் சிறந்தது வேறு வழியில் போனது. அந்தப் பெண் கண்ணனை விட்டுவிட்டாள். திருதராட்டிரன் ஆனாள். விசுவரூபத்தைப் பார்க்க அவனுக்குக் கண் கிடைத்தது, பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க வேண்டாம் என்று பார்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்ற கதை உண்டு அல்லவா, அதை எடுத்துக்கொண்டாள். முதல் திருப்பலில் எங்கும் நிலைக்காத குருட்டுக் கண். இரண்டாவதில் அது ஓரிடத்தில் நின்றது, தரையில், பாதத்தில். மூன்றாவதில் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. முழங்கால், இடை, மார்பு என்று ஏறி, கழுத்து பின்னால் சாய்ந்து, இன்னும் ஏறி, முகம் முழுவதும் மேலே திரும்பிய பிறகும் கண் மேலே போய்க்கொண்டிருந்தது. பாடகர் அதே அடியை விடாமல் திருப்பிக்கொண்டிருந்தார். எவ்வளவு உயரம் என்று எங்களுக்கு அந்தக் கழுத்து சொன்னது.

இந்த வருஷம் பார்க்க நினைப்பவர்களுக்கு: காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி முதல் ஆடி வரை எங்காவது பாரதம் நடந்துகொண்டே இருக்கும். சுவரொட்டியில் நாள்வாரியாகக் கதைப் பெயர் போட்டிருப்பார்கள். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் இவற்றுக்குக் கூட்டம் தாங்காது. கிருஷ்ணன் தூது நாளில் கொஞ்சம் இடம் கிடைக்கும். முடிந்தால் பகலில் பிரசங்கமும் கேட்டுவிட்டு வாருங்கள். பத்து மணிக்கு மேளம் கட்டுவார்கள். பின்பாட்டுக்காரர்கள் முகம் தெரிகிற பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.